சேமித்து வைக்கத் தோன்றும் பட்டியல் எப்படி எழுதப்படுகிறது?

2021 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாது பெய்த மழையில், ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு கூரை வரை மூழ்கியது. கிள்ளான் எல்லையை ஒட்டிய அந்தப் பகுதியில் பலர் மேல்மாடியிலும் கூரையிலும் நின்று உதவிக்காகக் காத்திருந்தனர். மீட்புப் படகு வேண்டுவோர் தங்கள் முகவரிகளைச் சமூக ஊடகங்களில் பதிவிட, முன்பின் தெரியாதவர்கள் அவற்றைப் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் இன்ஸ்டாகிராமில் ஒரு வகைப் பதிவு தவறாமல் வருகிறது. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் படத்தொகுப்பு அது. ‘கேரசல்’ என்கிறோம். வெள்ளத்துக்கு முன் என்ன செய்யவேண்டும், பையில் எதை வைக்கவேண்டும் என்று பட்டியலிடும் இத்தகைய பதிவுகளில் சில, பார்த்த கணமே சேமிக்கப்படுகின்றன. அதே செய்தியைச் சொல்லும் வேறு சில, இதயக்குறியை மட்டும் பெற்றுக்கொண்டு மறைந்து போகின்றன. பள்ளிக் கழகத்துக்காகவோ பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கத்துக்காகவோ இப்படிப்பட்ட பதிவுகளைத் தயாரிக்கும் மாணவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை, கிள்ளானில் உள்ள ஒரு வீட்டுக்கான வெள்ளப் பட்டியலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

விருப்பம் வேறு, சேமிப்பு வேறு

இன்ஸ்டாகிராம் தன் சேமிப்புப் பொத்தானை 2016 டிசம்பரிலும், ஒரே பதிவில் 10 படங்கள் வரை இணைக்கும் வசதியை 2017 பிப்ரவரியிலும் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் அந்த வரம்பு 20 ஆனது. சில மாத இடைவெளியில் வந்த இவ்விரண்டும் சேர்ந்துதான் பட்டியல் பதிவு என்ற வடிவத்துக்கு வழிவிட்டன.

இதயக்குறி மற்றவர் கண்ணுக்குத் தெரியும். அது எழுதியவருக்கு நாம் காட்டும் மரியாதை. சேமிப்பு அப்படியன்று. யார் சேமித்தார் என்பது பதிவிட்டவருக்கும் தெரியாது. தொழில்முறைக் கணக்கு வைத்திருந்தால் எண்ணிக்கை மட்டும் தெரியும். யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல், பின்னொரு நாள் தனக்கே தேவைப்படும் என்று நினைப்பதால்தான் ஒருவர் சேமிக்கிறார்.

அப்படி நினைக்க மூன்று நிபந்தனைகள் கூடிவரவேண்டும். முதலாவது, அந்தச் செய்தி இன்று தேவைப்படாமல், பின்னர் நிச்சயம் தேவைப்படவேண்டும். இரண்டாவது, அதை மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று படிப்பவருக்கே தோன்றவேண்டும். மூன்றாவது, தேவைப்படும் நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தபடியே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். ‘வெள்ளத்தின்போது பதற்றப்படாதீர்கள்’ என்ற வரிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. படித்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. சேமிக்க அதில் எதுவும் மிஞ்சவில்லை.

விமானிகள் கற்ற பாடம்

சரிபார்ப்புப் பட்டியலின் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் நிகழ்ச்சி 1935 அக்டோபர் 30-இல் அமெரிக்காவில் நடந்தது. போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற புதிய விமானம், ரைட் ஃபீல்ட் தளத்தில் சோதனைக்காக மேலெழுந்த சற்று நேரத்திலேயே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் அனுபவம் மிக்க விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் வால்பகுதி ஆடாமல் பிடித்து வைக்கும் பூட்டு, புறப்படும் முன் விடுவிக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

விமானத்தை எப்படி ஓட்டுவது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்த ஒரு செயல், பல செயல்களுக்கு நடுவே விட்டுப்போனது. அதன் பிறகு விமானிகளுக்குத் தரப்பட்டது பாடப்புத்தகமன்று. புறப்படும் முன்னும் தரையிறங்கும் முன்னும் பார்க்கவேண்டிய சின்னஞ்சிறு பட்டியல். எப்படிப் பறப்பது என்று அதில் எழுதவில்லை. தெரிந்தவரும் மறந்துவிடக்கூடியவை மட்டுமே அதில் இருந்தன.

நம் பட்டியலுக்கும் முதல் விதி இதுதான். ‘குடும்பத்தினரை அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள்’ என்று எழுதத் தேவையில்லை. யாரும் அதை மறக்கமாட்டார்கள். பாட்டியின் மாத்திரையை மறப்பார்கள். மூக்குக்கண்ணாடியை மறப்பார்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியை மறப்பார்கள். அவசரத்தில் எது விட்டுப்போகும் என்று வெள்ளத்தில் சிக்கிய ஒரு குடும்பத்திடம் கேட்டால், உங்கள் பட்டியலின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

டிக் போட முடியுமா?

ஒரு வரி பட்டியலில் இடம்பெறத் தகுதியானதா என்று அறிய எளிய சோதனை உண்டு. அதன் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, ‘முடிந்தது’ என்று டிக் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அது அறிவுரை. செய்யவேண்டிய செயலாக அது இன்னும் மாறவில்லை.

‘முக்கிய ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். எவை முக்கியம்? எங்கே வைத்தால் பத்திரம்? படிப்பவர் இவற்றையெல்லாம் அவசரத்தில் யோசிக்கவேண்டும். யோசிக்கும் வேலையை எழுதுபவர் முன்கூட்டியே செய்து முடித்தால் வரி இப்படி மாறும்: ‘பிறப்புப் பத்திரங்கள், வீட்டுப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ்: மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் ஜிப் பையில் போட்டு, வாசலருகே மாட்டியிருக்கும் புத்தகப்பையில் வையுங்கள்.’ அலமாரியின் மேல்தட்டு என்று எழுதாமல் புத்தகப்பை என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ஸ்ரீ மூடாவில் வந்ததுபோல் தண்ணீர் கூரை வரை ஏறினால் மேல்தட்டால் பயனில்லை. தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் பைதான் மிஞ்சும்.

‘போதுமான மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதிலும் இதே குறைதான். ‘போதுமான’ என்பது அளவில்லாத சொல். ‘தாத்தா பாட்டியின் மருந்து 7 நாளுக்கு, மருந்துச் சீட்டின் படம் கைப்பேசியில்’ என்றால் எண்ணிப் பார்த்து டிக் போடலாம்.

சில வரிகளுக்கு எண் மட்டும் போதாது. அந்த எண்ணைக் கருவியில்லாமல் அளக்கவும் முடியவேண்டும். ஓடும் நீர் 15 செண்டிமீட்டர் உயரம் இருந்தாலே ஒருவரைக் கீழே தள்ளிவிடக்கூடும்; 30 செண்டிமீட்டர் நீரே பல கார்களை மிதக்கவைக்கப் போதும். ஆனால் கொட்டும் மழையில் சாலையோரம் நிற்பவர் கையில் அடிக்கோல் இருக்காது. சாதாரணக் காரின் சக்கரம் ஏறத்தாழ 60 செண்டிமீட்டர் உயரம். ஆகவே, ‘முன்னால் நிற்கும் காரின் பாதிச் சக்கரம் மூழ்கியிருந்தால் திரும்பிவிடுங்கள், நடந்து போவதானால், ஓடும் நீர் கணுக்காலைத் தாண்டியதும் நின்றுவிடுங்கள்’ என்று எழுதினால் அந்த இடத்திலேயே கண்ணால் அளந்து முடிவெடுக்கலாம்.

இன்னும் சில வரிகளில் செயல் சரியாக இருக்கும். எப்போது செய்வது என்பது இருக்காது. ‘நீர்மட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள்’ என்றால், கவனித்த பிறகு என்ன செய்வது? வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் publicinfobanjir.water.gov.my அகப்பக்கம், ஆறுகளின் நீர்மட்டத்தை நார்மல், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நான்கு நிலைகளில் காட்டுகிறது. எனவே வரியை இரண்டு பாதியாக எழுதலாம்: ‘உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் பெயரை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். அது வாஸ்பாடா நிலையைத் தொட்டால் காரை மேட்டுக்கு மாற்றுங்கள். அமாரான் நிலையைத் தொட்டால் பையுடன் கிளம்புங்கள்.’ கிள்ளானில் இன்னொன்றும் சேரும். கடல்நீர் ஏற்றம் உயர்ந்திருக்கும் நேரத்தில் மழைநீர் கடலுக்கு வடிய முடியாமல் தேங்குகிறது. ஆகவே, ‘கனமழை எச்சரிக்கை வந்த நாளில் போர்ட் கிள்ளான் கடலேற்ற நேரத்தையும் பாருங்கள்’ என்ற வரி, மலைப்பாங்கான ஊருக்குப் பொருந்தாது, கிள்ளானுக்குப் பொருந்தும். ஓர் ஊருக்கே உரிய இத்தகைய வரி இருந்தால்தான் ‘இது நமக்காக எழுதியது’ என்று அந்த ஊர்க்காரர் சேமிப்பார்.

உயிர் சம்பந்தப்பட்ட வரியில் செய்யக்கூடாத நிலையையும் சேர்த்தே எழுதவேண்டும். ‘மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள்’ என்று மட்டும் எழுதினால், முழங்கால் நீரில் நின்றுகொண்டு அதைத் தொட ஒருவர் முயலலாம். ‘தரை உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அடையுங்கள். தண்ணீர் வந்துவிட்டதா? தொடாதீர்கள், தெனாகா நேஷனலை 15454-இல் அழையுங்கள்’ என்பதே முழுமையான வரி.

ஒரே பட்டியலா, மூன்றா?

வரிகள் நன்றாக அமைந்தாலும், 20 வரிகளை ஒரே மூச்சில் அடுக்கினால் யாரும் பயன்படுத்தமாட்டார்கள். இதற்கு மருத்துவத்துறையில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 வரிகள் உள்ளன. ஆனால் அவை மூன்று தருணங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன: மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி அறையை விட்டுப் போவதற்கு முன். புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்துப் பார்த்தபோது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் மரணமடைந்தோர் விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009-இல் ஆய்வு முடிவு வெளியானது.

தருணம் என்பது கை ஒரு கணம் சும்மா இருக்கும் இடம். அங்கேதான் பட்டியலைப் பார்க்க முடியும். வெள்ளத்துக்கும் அப்படி மூன்று தருணங்கள் உண்டு. முதலாவது, மழையில்லாத ஒரு சனிக்கிழமை. பை தயாரிப்பதும், நிலையத்தின் பெயரைக் குறித்துக்கொள்வதும், கார்க் காப்புறுதியில் வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்பதும் அன்றைய வேலை. சாதாரண விரிவுக் காப்புறுதியில் வெள்ளம் தானாகச் சேர்வதில்லை. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கவேண்டும். பலருக்குத் தெரியாத இந்த ஒரு வரியே அந்தப் பதிவைச் சேமிக்க வைத்துவிடும். இரண்டாவது தருணம், எச்சரிக்கை வந்த பின் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் கிடைக்கும் பத்து நிமிடம். மூன்றாவது, தண்ணீர் வடிந்து திரும்பி வந்த நேரம். ‘கழுவும் முன் படம் எடுங்கள்: சுவரில் நீர் நின்ற கோடு, கெட்டுப்போன பொருள்கள், வாகன எண்’, ‘மூழ்கிய காரை இயக்கிப் பார்க்காதீர்கள்’ என்ற வரிகள் அங்கே வரும்.

ஒவ்வொரு தருணத்துக்கும் ஐந்திலிருந்து ஏழு வரிகள் போதும். அதற்கு மேல் போனால் எதை வெட்டுவது என்று பாருங்கள். எச்சரிக்கை வந்த நேரத்துக்கான பட்டியலில் காப்புறுதிக்கு இடமில்லை. அப்போது அதற்கு எதுவும் செய்யமுடியாது.

சிறிய திரை, பெரிய எழுத்து

இனி வடிவமைப்பு. கணினியில் 1080 புள்ளி அகலத்தில் தயாரிக்கும் படம், கைப்பேசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும். ஆக, நீங்கள் 36 அளவில் வைத்த எழுத்து அங்கே 12 அளவில் நிற்கும். சுழியும் கொம்பும் உள்ள தமிழ் எழுத்துக்கு அது போதாது. 45-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஒரு படத்தில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் இடம் கிடைக்காது. இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்காமல் இன்னொரு படத்தைச் சேருங்கள்.

முதல் படத்துக்குக் கணக்கு வேறு. சேமித்த பதிவுகள் வரிசைக்கு மூன்றாகச் சின்னஞ்சிறு கட்டங்களில் தெரியும். மூன்று மாதம் கழித்துத் தேடும்போது கண்ணில் படுவது முதல் படம் மட்டும்தான். அதுவும் ஒன்பதில் ஒரு பங்கு அளவில். 108 அளவு எழுத்துதான் அங்கே 12 ஆகத் தெரியும். எனவே தலைப்பு நான்கைந்து சொற்களுக்குள் அடங்கவேண்டும். ‘வெள்ளத்தை எதிர்கொள்வது எப்படி?’ என்பதைவிட, ‘கிளம்பும் முன் 6: கிள்ளான் வெள்ளம்’ என்பது தேடுபவர் கண்ணில் உடனே சிக்கும். அதில் தருணம் இருக்கிறது, எண் இருக்கிறது, ஊர் இருக்கிறது.

பலரும் யோசிக்காத ஒரு சிக்கலும் உண்டு. சேமித்த பதிவு கைப்பேசிக்குள் இருப்பதில்லை. அதைத் திறக்க இணையம் வேண்டும். பதிவிட்டவர் அழித்துவிட்டாலும் அது போய்விடும். வெள்ளத்தில் மின்சாரம் நின்றால் வீட்டு வைஃபையும் நிற்கும். தொலைத்தொடர்புக் கோபுரமும் செயலிழக்கலாம். ஆகவே கடைசிப் படத்தில் எல்லா வரிகளையும் சுருக்கி, 999, 15454 ஆகிய எண்களுடன் ஒரே பக்கமாகக் கொடுத்து, ‘இந்தப் பக்கத்தை இப்போதே திரைப்பிடிப்பு எடுங்கள்’ என்று சொல்லுங்கள். சேமிப்பு எண்ணிக்கை ஒருவேளை குறையலாம். ஆனால் பட்டியல் வேண்டிய இரவில் கையில் இருக்கும்.

படத்தின் மேல் எழுதிய எழுத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் பிரிக்பீல்ட்ஸில், வெள்ளைக்கோலுடன் நடந்து செல்வோரை நாள்தோறும் காண்கிறோம். அவர்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் வெள்ளம் புகும். பட்டியல் முழுவதையும் பதிவின் கீழ்க் குறிப்பில் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். 2,200 எழுத்துக்குறிகள் வரை அங்கே இடம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை எழுதும் வசதியும் 2018 முதல் இருக்கிறது. கீழ்க் குறிப்பால் இன்னொரு நன்மை: வெளியிட்ட படத்தில் உள்ள எழுத்தைத் திருத்த முடியாது, குறிப்பைத் திருத்தலாம். மாறக்கூடிய செய்திகளைக் குறிப்பில் வைத்து, படத்தில் ‘சரிபார்த்த நாள்’ என்று தேதியை மட்டும் போடுங்கள்.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

பதிவு வெளியான பின் சேமிப்பை எப்படி அளப்பது? வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் ஏமாறுவோம். ஒரு பதிவு 2,000 பேரைச் சென்றடைந்து 50 பேர் சேமித்தார்கள், இன்னொன்று 800 பேரைச் சென்றடைந்து 40 பேர் சேமித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 2.5 விழுக்காடு, இரண்டாவது 5 விழுக்காடு. குறைவான சேமிப்பு பெற்ற இரண்டாவது பதிவுதான் படித்தவர்களுக்கு இருமடங்கு பயனுள்ளதாகத் தோன்றியிருக்கிறது.

‘தோன்றியிருக்கிறது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சேமிப்பு என்பது பயன்படுத்துவேன் என்ற எண்ணம் மட்டுமே. ‘வாழ்வை மாற்றும் 50 குறிப்புகள்’ என்ற பதிவுகூட ஏராளமாகச் சேமிக்கப்படும். திரும்பத் திறப்பவர் அரிது. உண்மையான சோதனையை வெளியிடும் முன்பே வீட்டில் செய்யலாம். பட்டியலை உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு மாமாவிடமோ கொடுத்து, ‘இப்போதே செய்து காட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பாருங்கள். ‘எந்தப் பை?’, ‘மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?’, ‘இந்த வாஸ்பாடா எந்தப் பக்கத்தில் வரும்?’ என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் வரியில் விட்டுப்போன ஒரு சொல். அவற்றைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள். இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பையைத் தோளில் மாட்டி வாசலுக்கு வந்துவிட்டால், பதிவை வெளியிடலாம்.